டிரெய்லர் வாலாட்டுது, திரை கத்துது: எங்கே பார்ப்பது, எப்போது மெக்கானிக்கைக் கூப்பிடுவது

ஒன்டாரியோவில் கேம்பிங் டிரெய்லர் இழுக்கும் ஐந்தாறு குடும்பங்கள் நாங்கள். மே மாத லாங் வீக்கெண்ட் வந்தால் எனக்கு ஃபோன் வர ஆரம்பிக்கும். ஹைவே 400 ஓரத்தில் நிறுத்திவிட்டுக் கூப்பிடுவார்கள். கேள்வி புதிதாக இருக்காது, சொல்ல வேண்டிய பதிலும் அதேதான். அதனால் அறிகுறி வாரியாக எழுதிவைத்துவிட்டேன். உங்களுக்கு என்ன நடக்கிறதோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். திரையில் வரும் வாசகங்களை ஃபோர்டு பிக்கப்புகளில் வருகிறபடி கொடுத்திருக்கிறேன். வேறு கம்பெனி வண்டியில் வார்த்தை மாறும், விஷயம் மாறாது.

ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆடினால்

இதை வீட்டிலேயே படித்துவிடுங்கள், ரோட்டில் படிக்க நேரம் இருக்காது.

ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுங்கள். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து வையுங்கள். வால் இடப்பக்கம் போகிறதே என்று எதிர்ப்பக்கம் திருப்பினால் ஆட்டம் கூடும், ஏனென்றால் நீங்கள் திருப்பி முடிப்பதற்குள் வால் மறுபக்கம் வந்துவிட்டிருக்கும். பிரேக்கை ஓங்கி மிதிக்க வேண்டாம். டேஷ்போர்டில் டிரெய்லர் பிரேக்குக்கென்று தனியாக ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும். அதை மட்டும் அழுத்தினால் டிரெய்லர் பின்னால் இழுத்துப் பிடித்து நேராகும். வேகம் குறைந்ததும் ஓரம் கட்டுங்கள்.

அந்த நெம்புகோலைக் கண்ணால் தேடக் கூடாது, கை தானாகப் போக வேண்டும். வண்டியை நிறுத்திவைத்து, முன்னால் பார்த்தபடியே பத்து முறை தொட்டுப் பழகுங்கள்.

அறிகுறி 1: "TRAILER SWAY REDUCE SPEED" என்று வருகிறது

இந்த வரி வந்துவிட்டது என்றால் வண்டி ஏற்கனவே வேலையில் இறங்கிவிட்டது என்று பொருள். பிக்கப்பின் பின்பக்கம் தாளம் போட்ட மாதிரி இடம் வலமாக இழுபடுவதை சென்சார் பார்த்துவிட்டது. பிக்கப்பின் சக்கரங்களைத் தேவைக்கேற்பத் தனித்தனியாகப் பிரேக் பிடித்து, இன்ஜின் இழுவையையும் குறைத்திருக்கும். ஆட்டம் தொடங்கிய பிறகு அடக்குவதுதான் ஸ்வே கன்ட்ரோலின் வேலை, தொடங்காமல் தடுக்க அதற்கு வழியில்லை. ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் பட்டனை அணைத்தால் பல வண்டிகளில் இதுவும் சேர்ந்து அணைந்துவிடும். அடிக்கடி பீப் அடிக்கிறதே என்று அதை அணைத்துவிட்டு ஓட்டிய ஒருவரை எனக்குத் தெரியும். திட்டித்தான் அனுப்பினேன்.

பெரிய லாரி ஒன்று உரசினாற்போல் கடக்கும்போது ஒரே ஒருமுறை வந்தால் வேகத்தைக் குறைத்துத் தொடரலாம். ஒரே பயணத்தில் இரண்டாவது முறை வந்தால் நிறுத்திப் பாருங்கள். பைசா செலவில்லாத வேலையிலிருந்து தொடங்குவோம்.

*வேகமும் காற்றும்.* டிரெய்லர் டயர்களில் பலவற்றுக்கு உச்ச வேகமே மணிக்கு 105 கி.மீ. தான், பக்கச் சுவரில் பாருங்கள். 110-ல் ஆடுவது 95-ல் ஆடாமல் போகலாம். அப்படிப் போனாலும் காரணம் இன்னும் உள்ளேதான் இருக்கிறது. டயர் காற்றை ஓடுவதற்கு முன், குளிர்ந்த நிலையில், டிரெய்லர் ஸ்டிக்கரில் போட்டிருக்கும் அளவுக்கு வையுங்கள். பிக்கப்பின் பின் டயர்களையும் மறக்காதீர்கள். அவை தொய்வாக இருந்தால் ஆட்டம் அங்கிருந்தே தொடங்கும்.

*மூக்கு மேலே நிற்கிறதா?* சமதளத்தில் மாட்டி நிறுத்தி, டிரெய்லர் சட்டத்துக்கும் தரைக்கும் உள்ள உயரத்தை முன்னாலும் பின்னாலும் டேப்பால் அளங்கள். முன்பக்கம் உயர்ந்திருந்தால் எடை பின்னால் சாய்ந்துவிடும். டிரெய்லர் வந்து மாட்டும் இரும்பு உருண்டைதான் பால். ஹிட்ச்சில் அதைத் தாங்கும் பால் மவுண்ட்டை ஒரு துளை கீழே இறக்கினால் பெரும்பாலும் தீரும். மட்டமாகவோ கொஞ்சம் மூக்கு தாழ்ந்தோ இருப்பது நல்லது.

*பின்னால் என்ன ஏற்றியிருக்கிறீர்கள்?* எனக்கு வந்த வாலாட்டப் புகார்களில் பெரும்பாலானவை முடிந்த இடம் இதுதான். டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை பாலின் மேல் இறங்க வேண்டும். இதைத்தான் டங் வெயிட் என்கிறார்கள். பத்துக்குக் கீழே போனால் வாலுக்குக் குஷி.

நண்பர் ஒருவர் வீட்டு டிரெய்லரில் நடந்ததைக் கணக்கோடு சொல்கிறேன். நான்கு பேர் குடும்பம், பின் பம்பரில் ரேக் போட்டு நான்கு சைக்கிள், குளிக்கத் தண்ணீர் வேண்டுமே என்று வீட்டிலேயே 150 லிட்டர் டேங்க்கை நிரப்பிவிட்டார்கள். அந்த டேங்க் அச்சுக்குப் பின்னால் இருக்கிறது. பேரி நகரம் தாண்டுவதற்குள் மூன்று முறை எச்சரிக்கை வந்துவிட்டது. வண்டித் திரையில் டிரெய்லர் எடை என்ன போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டேன். 2,180 கிலோ என்றார். விற்றவர்கள் கொடுத்த பிரசுரத்திலிருந்து எடுத்த எண் அது. பிரசுரத்தில் இருப்பது காலி டிரெய்லரின் எடை. பேட்டரி, பாத்திரம், சாமான், தண்ணீர் எதுவும் அதில் சேராது.

லாரிகள் நிற்கும் டிரக் ஸ்டாப்பில் எடைமேடை இருக்கும். அங்கே போய் இரண்டு முறை எடை போடச் சொன்னேன். முதல்முறை மாட்டியபடியே: முன்னச்சு ஒரு தட்டில், பின்னச்சு இன்னொன்றில், டிரெய்லர் சக்கரங்கள் மூன்றாவதில். இரண்டாவது முறை டிரெய்லரைக் கழற்றி நிறுத்திவிட்டு, அதே ஆட்கள் அதே சாமானோடு பிக்கப் மட்டும். டங் வெயிட்டை மற்ற அச்சுகளுக்கும் பகிர்ந்து அனுப்பும் கம்பிகள் உள்ள வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் வைத்திருப்பவர்கள் முதல் எடையின்போது அதன் கம்பிகளைத் தளர்த்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கம்பிகள் கொஞ்சம் எடையை டிரெய்லர் சக்கரத்துக்கே திருப்பி அனுப்பிவிடும், டங் வெயிட் குறைவாகத் தெரியும்.

வந்த எண்கள் இவை. பிக்கப் மட்டும்: முன்னச்சு 1,480, பின்னச்சு 1,190, ஆக 2,670 கிலோ. மாட்டியபோது: முன்னச்சு 1,400, பின்னச்சு 1,490, ஆக 2,890. டிரெய்லர் சக்கரங்களில் 2,510. பிக்கப்பின் மேல் கூடியது 220 கிலோ, அதுதான் டங் வெயிட். டிரெய்லரின் முழு எடை 2,510-உம் 220-உம் சேர்ந்து 2,730. திரையில் போட்டதைவிட 550 கிலோ அதிகம். 220-ஐ 2,730-ஆல் வகுத்தால் 8 சதவீதம். ஆடாமல் என்ன செய்யும்?

தண்ணீரைக் காலி செய்தோம், கேம்ப் மைதானத்திலேயே குழாய் இருக்கிறது. சைக்கிள்களையும் ரேக்கையும், ஏறக்குறைய 80 கிலோ, பிக்கப்பின் தொட்டிக்கு மாற்றினோம். மறுபடி எடை போட்டால் பிக்கப் மட்டும் 2,750, மாட்டியபோது 3,060, டிரெய்லர் சக்கரங்களில் 2,190. டங் வெயிட் 310, முழு எடை 2,500. 12 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். அதே ரோடு, அதே வேகம், ஹன்ட்ஸ்வில் வரைக்கும் திரை வாய் திறக்கவில்லை.

இதில் ஒரு கொக்கி உண்டு. டங் வெயிட்டைக் கூட்டினால் அது பிக்கப்பின் பேலோடில் போய் உட்காரும். டிரைவர் கதவைத் திறந்தால் நடுத்தூணில் ஸ்டிக்கர் இருக்கும், ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று. நண்பருடையது 750. ஆட்கள் 280, ஐஸ் பெட்டியும் கருவிகளும் 30, சைக்கிள் 80, ஹிட்ச் 45, டங் வெயிட் 310. கூட்டினால் 745. மிச்சம் ஐந்து கிலோ. விறகுக் கட்டைக் கையில் எடுத்தவரைத் தடுத்தேன். எப்படியும் விறகை ஊர் விட்டு ஊர் கொண்டுபோகக் கூடாது, மரத்தைத் துளைக்கும் வண்டு கூடவே பயணம் செய்யும்.

*ஹிட்ச்.* சதவீதம் சரி, ஆனால் பிக்கப்பின் முன்பக்கம் தூக்கிக்கொண்டு ஸ்டீயரிங் லேசாக இருக்கிறது என்றால் வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் வேண்டும், அல்லது இருப்பதை இறுக்க வேண்டும். முன்சக்கர வளைவின் உயரத்தை மாட்டாமல் ஒருமுறை, மாட்டி ஒருமுறை, கம்பிகளை ஏற்றிய பிறகு ஒருமுறை அளங்கள். எவ்வளவு திரும்ப இறங்க வேண்டும் என்பது உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும். உராய்வுக் கம்பியோடு சேர்ந்த மாடல் ஆட்டத்தையும் குறைக்கும். ஆனால் 8 சதவீத டிரெய்லருக்கு அதை வாங்கி மாட்டுவது காய்ச்சலுக்கு ஸ்வெட்டர் போடுவது மாதிரி.

*கடைக்குப் போக வேண்டிய கட்டம்.* டங் வெயிட், காற்று, மட்டம் மூன்றும் சரியாக இருந்தும் ஆடினால் இனி உங்கள் வேலை இல்லை. அச்சு கோணியிருக்கலாம், பேரிங் தளர்ந்திருக்கலாம், ஹிட்ச் ரிசீவரில் விரிசல் இருக்கலாம். போவதற்கு முன் ஒன்று செய்யுங்கள்: இருபது நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்தி, சக்கர மையங்களின் சூட்டை இன்ஃப்ராரெட் வெப்பமானியால் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடக் கொதித்தால் அந்தப் பேரிங் அல்லது பிரேக்கைத்தான் மெக்கானிக் முதலில் பிரிக்க வேண்டும். அந்த நிலையில் டிரெய்லரை இழுத்துக்கொண்டு போகாதீர்கள், ஆளை வரவழையுங்கள்.

அறிகுறி 2: மாட்டிவிட்டேன், வண்டி டிரெய்லரைக் கண்டுகொள்ளவில்லை

திரையில் "NO TRAILER" என்று நிற்கும். அல்லது ஓடும்போது திடீரென "TRAILER DISCONNECTED" வரும். இரண்டாவது வந்தால் உடனே ஓரம் கட்டுங்கள். அந்த நேரத்தில் டிரெய்லருக்குப் பிரேக்கும் இல்லை, விளக்கும் இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

பத்தில் எட்டு முறை குற்றவாளி ஏழு பின் பிளக்தான். பிக்கப் பக்கத்து மூடியில் ஒரு கொக்கி இருக்கும், பிளக்கின் மேல் இருக்கும் மேட்டை அது பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்காவிட்டால் பத்து கிலோமீட்டர் குலுக்கலில் பிளக் அரை விரல் பின்னால் வந்துவிடும். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். குளிர்காலத்து உப்பு ஏறி உள்ளே பச்சை பூத்திருக்கும். கான்டாக்ட் கிளீனர் அடித்துச் சின்ன பிரஷ்ஷால் தேய்த்து, மின்சாதன கிரீஸ் கொஞ்சம் தடவுங்கள்.

பிளக் சுத்தம், இருந்தும் கண்டுகொள்ளவில்லை என்றால் ஃப்யூஸ் பாருங்கள். டிரெய்லருக்கென்று தனி ஃப்யூஸ்கள் இருக்கும், கையேட்டில் பெட்டிப் படம் உண்டு. அடுத்தது வெள்ளை வயர், அதாவது எர்த். டிரெய்லர் சட்டத்தில் திருகு போட்ட இடம் துருப்பிடித்திருந்தால் இடது இண்டிகேட்டர் போட்டால் வலதும் சேர்ந்து மங்கலாக மினுக்கும். அதைப் பார்த்தால் வேறு எங்கும் தேட வேண்டாம், அந்தத் திருகைக் கழற்றிச் சுரண்டி மாட்டுங்கள்.

எல்லாம் எரிகிறது, வண்டி மட்டும் நம்ப மறுக்கிறது என்றால் டிரெய்லரில் எல்இடி விளக்கா என்று பாருங்கள். சில வண்டிகள் விளக்கு இழுக்கும் மின்சாரத்தை வைத்துத்தான் டிரெய்லர் இருப்பதை அறிகின்றன. எல்இடி அவ்வளவு குறைவாக இழுப்பதால் ஏமாந்துவிடும். அப்போது டோ மோடை, அதாவது டிரெய்லர் இழுப்பதற்கென்று வண்டியில் இருக்கும் ஓட்டும் முறையை, கையால் போட்டுக்கொள்ளுங்கள்.

பிளக்கை வேறொரு நண்பரின் பிக்கப்பில் மாட்டிப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. அங்கேயும் இதே கதை என்றால் கோளாறு டிரெய்லரில். அங்கே ஒழுங்காக வேலை செய்தால் உங்கள் பிக்கப்பில். ஃப்யூஸ் நன்றாக இருந்தும் பிக்கப்பின் சாக்கெட்டில் கரண்ட் வரவில்லை என்றால் டீலரிடம்தான் போக வேண்டும். மாட்யூல் விஷயத்தில் வீட்டில் கை வைக்காதீர்கள்.

அறிகுறி 3: பிரேக் பிடித்தால் டிரெய்லர் முட்டித் தள்ளுகிறது, அல்லது வெடுக்கென்று இழுக்கிறது

ஒன்டாரியோவில் டிரெய்லரின் மொத்த எடை 1,360 கிலோ அல்லது அதற்கு மேல் இருந்தால் அதற்குச் சொந்தமாகப் பிரேக் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆக இது வசதி பற்றிய கேள்வியே இல்லை.

முதலில் திரையில் பிரேக் வகையைப் பாருங்கள். மின்காந்தப் பிரேக் உள்ள டிரெய்லருக்கு "Electric" என்று இருக்க வேண்டும். "Electric over Hydraulic" என்று மாறிக் கிடந்தால் பிடிப்பு கோணலாகத்தான் இருக்கும்.

அடுத்து கெய்ன், அதாவது டிரெய்லர் பிரேக் எவ்வளவு பலமாகப் பிடிக்க வேண்டும் என்று நீங்கள் வைக்கும் எண். காய்ந்த, மட்டமான, ஆளில்லாத ரோட்டில் மணிக்கு 30 முதல் 40 கி.மீ. வேகத்தில் போய், காலால் பிரேக் தொடாமல், அந்தக் கைநெம்புகோலை முழுவதும் அழுத்துங்கள். டிரெய்லர் சக்கரம் பூட்டி இழுபட்டால் கெய்ன் அதிகம், குறையுங்கள். சோம்பலாக நின்றால் கூட்டுங்கள். பூட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் நிற்கும் எண்தான் உங்களுக்கானது. கனமான டிரெய்லர் உச்ச கெய்னிலும் பூட்டாமல் போகலாம். சாமான் ஏற்றிய நிலையில் வைத்த எண்ணைக் காலி டிரெய்லருக்கு வைக்காதீர்கள், ஈர ரோட்டில் சறுக்கும்.

கெய்னை எவ்வளவு ஏற்றினாலும் பிடிக்கவில்லை, அல்லது "TRAILER WIRING FAULT" வந்து வந்து போகிறது என்றால் மல்டிமீட்டரை எடுங்கள். பிளக்கைப் பிக்கப்பிலிருந்து கழற்றி, டிரெய்லர் பக்கத்துப் பிளக்கில் பிரேக் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவே ஓம் அளங்கள். சாதாரண 10 அல்லது 12 அங்குலப் பிரேக்கில் ஒரு காந்தம் ஏறக்குறைய 3.2 ஓம். நான்கு சக்கரமும் இணையாக இணைந்திருப்பதால் 0.8 வர வேண்டும். 1.1 வந்தால் ஒரு சக்கரம் வேலை செய்யவில்லை, 1.6 வந்தால் இரண்டு. மீட்டர் எதையும் காட்டவில்லை என்றால் வயர் எங்கோ அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் ஷார்ட். இவ்வளவு சின்ன எண்ணில் மீட்டர் வயரின் சொந்த ஓமே ஏமாற்றும். முனை இரண்டையும் ஒட்டி வைத்து என்ன காட்டுகிறதோ அதைக் கழித்துவிடுங்கள்.

குலுங்கும்போது மட்டும் வரும் கோளாறு என்றால் எனக்கு முதல் சந்தேகம் அச்சுக் குழாய் மேல். பல டிரெய்லர்களில் ஒரு சக்கரத்திலிருந்து மறு சக்கரத்துக்குப் போகும் வயர் அச்சுக் குழாய்க்குள் சும்மா கிடக்கிறது. வருடக்கணக்கில் உரசி உரசி இன்சுலேஷன் தேய்ந்து, குழாயைத் தொடும். நிற்கும்போது அளந்தால் எல்லாம் சரியாகவே இருக்கும். புது வயரைக் குழாய்க்கு வெளியே இழுத்துக் கட்டுவது கைவேலை தெரிந்தவருக்கு ஒரு மதிய வேலை. டிரம்மைக் கழற்றிக் காந்தமோ ஷூவோ மாற்ற வேண்டி வந்தால், பேரிங்கைத் திரும்ப இறுக்கத் தெரியாதவர்கள் கடைக்கே கொடுத்துவிடுங்கள்.

டிரெய்லர் ஓட்டத்தில் கழன்றுவிட்டால் அதன் பிரேக்கைத் தானாகப் போட வைப்பது பிரேக்அவே பின். அதைச் சோதிப்பவர்கள் கவனிக்க: முதலில் பிளக்கைப் பிக்கப்பிலிருந்து கழற்றிவிட்டுத்தான் பின்னை இழுக்க வேண்டும். மாட்டியபடியே இழுத்தால் பிக்கப்பின் பிரேக் கன்ட்ரோலருக்குச் சேதம் வரலாம்.

அறிகுறி 4: பிளைண்ட் ஸ்பாட் விளக்கு பொய் சொல்கிறது, ரிவர்ஸ் உதவி கோணலாகப் போகிறது

முதலில் திரையில் எந்த டிரெய்லரின் பெயர் தேர்வாகியிருக்கிறது என்று பாருங்கள். போன வாரம் மண் அள்ளிய சின்ன டிரெய்லரே இன்னும் தேர்வில் இருக்கும்.

பெயர் சரி என்றால் நீளம். மாடல் பெயரில் 22 என்று இருப்பதைப் பார்த்து 22 அடி என்று போட்டுவிடுகிறார்கள். அந்த எண் பெரும்பாலும் பெட்டியின் நீளம் மட்டும்தான். வண்டி கேட்பது பாலிலிருந்து டிரெய்லரின் கடைசி முனை வரை. டேப்பை நீங்களே பிடித்து அளங்கள். சைக்கிள் ரேக் நீட்டிக்கொண்டிருந்தால் அதையும் சேர்த்துத்தான்.

ரிவர்ஸ் உதவிக்கு முக்கியமான அளவு, பாலின் மையத்திலிருந்து அச்சு வரை. இரட்டை அச்சு டிரெய்லரில் இரண்டு அச்சுக்கும் நடுப்புள்ளி வரை அளக்க வேண்டும், முன்னச்சு வரை அல்ல. டிரெய்லரில் ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லும் வண்டி என்றால் அது அழுக்கில்லாமல் கேமராவுக்கு முழுதாகத் தெரிய வேண்டும். அளவெல்லாம் சரியாக இருந்தும் கோணல் தொடர்ந்தால் அந்த டிரெய்லரை அழித்துவிட்டுப் புதிதாகச் சேர்த்துப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் டீலர்.

அறிகுறி 5: டோ மோடில் இன்ஜின் சத்தம் போடுகிறது, அல்லது ஏற்றத்தில் கியர் மாறி மாறி விழுகிறது

சத்தம் போடுவது கோளாறு இல்லை. டோ மோடில் கியர் தாமதமாக ஏறும், இறக்கத்தில் தானாகக் கீழே இறங்கி இன்ஜினே வண்டியைப் பிடிக்கும். இறக்கத்தில் 4,000 ஆர்பிஎம் பார்த்துப் பதறி மோடை அணைத்தவர்கள், கீழே வந்ததும் பிரேக் தீய்ந்த வாசனையைத்தான் முகர்ந்தார்கள்.

கியர் மாறி மாறி விழுவது பெரும்பாலும் மோடே போடப்படாததால். பல வண்டிகளில் இன்ஜினை அணைத்தால் அது நார்மலுக்குத் திரும்பிவிடும். பெட்ரோல் போட நிறுத்திய பிறகு புறப்படும்போது ஒருமுறை பாருங்கள். மோட் இருந்தும் அப்படி விழுந்தால், க்ரூஸ் கன்ட்ரோலை எடுத்துவிட்டு வேகத்தைப் பத்து கிலோமீட்டர் குறையுங்கள். டிரான்ஸ்மிஷன் சூட்டுமானி சிவப்பை நோக்கிப் போனால் ஓரம் கட்டி, பார்க்கில் போட்டு, இன்ஜினை ஓட விட்டு ஆற விடுங்கள். ஆறிப் புறப்பட்டு அடுத்த ஏற்றத்திலேயே மறுபடி ஏறினால் டிரெய்லரை அங்கேயே பத்திரமாக நிறுத்திவிட்டுப் பிக்கப்பை மட்டும் கடைக்கு எடுத்துப் போங்கள். போகிற வழியில் எடைமேடை இருந்தால், அந்த எண்ணையும் கையோடு வாங்கிக்கொண்டு போங்கள். மெக்கானிக் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.